கோல் விற்றவர் முதலில் பார்க்க வேண்டியது

வரக்காப்பொலையில் வீட்டிலிருந்தபடி நான் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டவரின் ஒப்ஷன் கணக்குகள்தான். கோல் விற்றவர்கள் அநேகமாக டெல்டாவை மட்டும் கேட்பார்கள். அது போதாது என்பதற்கு 2024 ஜூன் மாதத்து நிஃப்டியைக் காட்டுவேன்.

மே 31, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 22,530இல் முடிந்தது. ஜூன் 6இல் காலாவதியாகும் 23,000 கோலை ஒருவர் 100 லொட் விற்றார் என்று வைப்போம். ஒரு லொட் அன்று 25 அலகு. ஏற்ற இறக்கத்தை 25 சதவீதமென எடுத்து, வட்டியை விட்டுவிட்டு, பிளாக்-ஷோல்ஸ் முறையில் கணக்கிட்டால் விலை ஏறக்குறைய 115 புள்ளி. டெல்டா 0.265, காமா 0.000454, வேகா 9.5. விற்றவருக்கு மூன்றும் மைனஸ்.

மறுநாள் மாலை இந்தியப் பொதுத்தேர்தலின் வாக்களிப்புக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்தன. திங்களன்று நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,264இல் நின்றது. டெல்டா கணக்கில் நட்டம் 194 புள்ளி. ஆனால் ஏற ஏற டெல்டாவும் பெருகியது. அந்தப் பெருக்கத்தைச் சொல்வதுதான் காமா. அதன் பங்கு, 733இன் வர்க்கத்தைக் காமாவால் பெருக்கிப் பாதியாக்கினால், இன்னும் 122. பயம் தணிந்து ஏற்ற இறக்கம் 21 சதவீதத்துக்கு இறங்கியதால் வேகா 38ஐத் திருப்பித் தந்தது. மூன்று நாள் கழிந்ததில் 59 கிடைத்தது. மிச்ச நட்டம் 219. புதிதாக விலை கணக்கிட்டாலும் கோல் 338, நட்டம் 223. இந்த நெருக்கம் எனக்குப் பிடித்தமானது. ஆனால் இன்னும் பெரிய நகர்வில் இப்படிப் பொருந்தாது, ஏனெனில் காமாவே வழியில் மாறிவிடும்.

இப்போது டெல்டா 0.73. பயந்துபோய் 73 லொட் பியூச்சர் வாங்கிச் சமன் செய்தால்? திரையில் டெல்டா பூச்சியம். ஜூன் 4, வாக்கெண்ணும் நாள், நிஃப்டி 21,884இல் முடிந்தது. கோல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய் 337 புள்ளி இலாபம் தந்தது. பியூச்சரோ, குறியீட்டோடு சேர்ந்து விழுந்ததாகக் கொண்டால், விற்ற கோலின் ஒரு லொட்டுக்கு 1,007 புள்ளி வீதம் தின்றது. நிகர நட்டம் 670 புள்ளி, 2,500 அலகுக்கு 16 இலட்சத்து 75 ஆயிரம் இந்திய ரூபாய். ஏற்ற இறக்கம் அன்று மீண்டும் எகிறியும் வேகா பெரிதாகக் காயப்படுத்தவில்லை. விலை 23,000ஐ விட்டு வெகுதூரம் போனதும் வேகாவே வற்றிவிட்டது.

ஒரு மாதத் தவணையில் அதே கோலுக்கு வேகா 25, காமா பாதி. அங்கே வேகாவை அஞ்சலாம். ஒரு வாரத்துக்குள் முடியும் கோலை விற்றவர் காமாவைத்தான் அஞ்ச வேண்டும். பியூச்சரால் காமா குறையாது. அதற்கு இன்னொரு ஒப்ஷனை வாங்கத்தான் வேண்டும். முடிவு வரும் வாரத்தில் 23,000ஐ விற்பவர் 23,500ஐ வாங்கி வைக்கட்டும். பிரீமியம் குறையும், ஆனால் நட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும்.