கைமாறி வந்த விளம்பரக் கணக்கு: சில குறிப்புகள்

வேறொருவர் நடத்திய கூகுள் ஆட்ஸ் கணக்கு கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் திறப்பது சர்ச் டேர்ம்ஸ் பக்கத்தைத்தான். சம்பந்தமில்லாத தேடல்களுக்குப் பணம் போனது அங்கே பளிச்சென்று தெரியும். நாலு சொல்லை வெட்டினால் வேலை செய்த திருப்தியும் கிடைக்கும். என்னைக் கேட்டால் கடைசியில் திறக்க வேண்டிய பக்கம் அது. எந்தச் சொல் விரயம் என்று நாம் தீர்மானிப்பது அதன் எதிரே உள்ள கன்வர்ஷன் எண்ணை வைத்து. அந்த எண்ணே தப்பாக இருந்தால், சம்பாதித்துத் தரும் சொல்லை வெட்டிவிட்டு, தின்று தீர்க்கும் சொல்லுக்கு இன்னும் தீனி போடுவோம். அதனால் நான் போகும் வரிசை: எண்ணிக்கை, செட்டிங், அமைப்பு, அப்புறம் விரயம்.

*

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, `Change history`. இரண்டு வருடம் வரை பின்னால் போகலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வாசித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இரண்டாவது, பழைய ஏஜென்சியின் மேனேஜர் கணக்கை அவசரப்பட்டுத் துண்டிக்கக் கூடாது. சில ஏஜென்சிகள் கன்வர்ஷனைத் தங்கள் மேனேஜர் கணக்கில் உருவாக்கி, அங்கிருந்து எல்லா வாடிக்கையாளருக்கும் பகிர்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட இணைப்பை அறுத்தால் அன்றோடு எண்ணிக்கையும் நிற்கும். வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கில் புதிய கன்வர்ஷன் ஓடத் தொடங்கி, அது சரியாக எண்ணுகிறது என்று பார்த்த பிறகே துண்டிப்பு.

*

ஒரு கணக்கை வைத்தே எழுதுகிறேன். கோவையில் ஒரு கடை. ஹோட்டல், மெஸ், கேட்டரிங்காரர்களுக்கு டில்டிங் கிரைண்டர் விற்கிறார்கள். ஆள் போய் மாட்டிக் கொடுக்க வேண்டியிருப்பதால் கோவை, திருப்பூர், ஈரோடு தாண்டி விற்பதில்லை. மாதம் ₹60,000 விளம்பரச் செலவு. பழைய ஏஜென்சி கொடுத்த கடைசி மாத அறிக்கையில் 400 கன்வர்ஷன், ஒன்றுக்கு ₹150. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரர் நம்பவில்லை.

`Segment` போய் `Conversions`, அதில் `Conversion action` என்று பிரித்துப் பார்த்தால் 400 நான்காக உடைந்தது. கூகுள் மேப்பில் வழி கேட்டு அழுத்தியவர்கள் 150. இணையதளத்தில் போன் நம்பரைத் தொட்டவர்கள் 130. விசாரணைப் படிவம் ஆட்ஸ் டேக் வழியாக 62. அதே படிவம் கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து இறக்குமதி ஆகி இன்னொரு முறை 58.

முதலாவது, கணக்கோடு கடையின் பிசினஸ் புரொஃபைலை இணைத்தபோது தானாகவே உருவான கன்வர்ஷன். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல, யாரும் எடுக்கவும் இல்லை. கடைக்காரரிடம் இந்த 150-ஐச் சொன்னேன். "வழி கேட்டவங்க அத்தனை பேரும் வந்திருந்தா, வாசல்ல பந்தல் போட்டு மோர் ஊத்தியிருப்பேனுங்க" என்றார்.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே மனிதர்கள், இரு முறை எண்ணப்பட்டவர்கள். இரண்டும் `Primary` என்று இருந்ததால் இரண்டுமே கூட்டுத்தொகையில் சேர்ந்திருக்கின்றன. 62, 58 என்று எண்கள் கொஞ்சம் விலகியிருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டு வேறு விஷயம் போலத் தோன்றும். அனலிட்டிக்ஸும் ஆட்ஸும் ஒரே நிகழ்வுக்கு அச்சாக ஒரே எண் தருவது அபூர்வம். ஆகவே அருகருகே நடக்கும் இரண்டு எண்களைப் பார்த்தால் முதலில் இரட்டை எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த 62-உம் சுத்தமில்லை. கடையின் மெயிலில் அந்த மாதம் விளம்பரம் வழியாக வந்த படிவங்களை உட்கார்ந்து எண்ணினோம்: 41 பேர். மீதி எங்கே? கன்வர்ஷனின் `Count` செட்டிங் `Every` என்று இருந்தது. படிவம் அனுப்பியபின் வரும் நன்றி பக்கத்தை ஒருவர் ரீலோட் செய்தால் இன்னொரு கன்வர்ஷன். பதில் வரவில்லையே என்று மறுபடி அனுப்பினால் இன்னொன்று. பொருளை நேராக ஆன்லைனில் விற்கும் கடைக்கு `Every` சரி, ஒவ்வொரு ஆர்டரும் காசு. விசாரணைக்கு `One` போதும். ஒருவர் எத்தனை முறை கேட்டாலும் ஒரு வாடிக்கையாளர்தான்.

₹60,000-ஐ 41 ஆல் வகுத்தால் ஒரு விசாரணைக்குச் சுமார் ₹1,460. அறிக்கையில் இருந்தது ₹150.

போன் தொட்ட 130 பேரை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். தொட்டவர் எல்லாரும் அழைத்தவர் இல்லை, அழைத்தவர் எல்லாரும் வாங்க வந்தவர் இல்லை. ஆனால் ஹோட்டல்காரர்களில் பலர் படிவம் நிரப்புகிற ரகம் கிடையாது, நேராகப் போன்தான். எனவே அதை அழிக்காமல் `Secondary` ஆக்கிவிட்டு, கடையில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். வாங்கக் கேட்டாரா, ரிப்பேருக்கா, எந்த ஊர் என்று மூன்று பத்தி. இரண்டு வார நோட்டைப் புரட்டியபோது பாதிக்கு மேல் ரிப்பேர்.

*

அடுத்து வருவதுதான் கவனமாகச் செய்ய வேண்டிய இடம். இந்தக் கணக்கு ₹150 டார்கெட் சிபிஏ வைத்துத் தானியங்கி பிட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கையைச் சரிசெய்த அன்று அந்த ₹150-ஐ அப்படியே விட்டால் என்ன ஆகும்? கன்வர்ஷன் ஒன்று ₹150-க்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். உண்மையில் ஆவதோ ₹1,460. சிஸ்டம் பிட்டைக் குறைத்துக்கொண்டே போகும், சில நாட்களில் விளம்பரம் ஏறக்குறைய நின்றுவிடும். "புது ஆள் வந்து கணக்கையே கெடுத்துட்டார்" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. கன்வர்ஷனை மாற்றும் அதே நாளில் டார்கெட்டையும் உண்மை விலைக்கு அருகே கொண்டுபோக வேண்டும், அல்லது நிலைமை படியும்வரை டார்கெட்டை எடுத்துவிட வேண்டும். தேதியை எழுதி வைக்க வேண்டும். அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் பார்த்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

இன்னொன்றும் இங்கே புரிகிறது. இவ்வளவு நாளும் அந்த பிட்டிங் கற்றுக்கொண்டது வழி கேட்டு அழுத்துகிறவர்களைப் பிடிக்கத்தான். மலிவாகக் கிடைப்பவர்கள் அவர்களே. அது சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

*

செட்டிங்கில் நான் பார்ப்பவை சொற்பம். சர்ச் கேம்பெய்னில் டிஸ்ப்ளே நெட்வொர்க் டிக் ஆகியிருக்கிறதா? சர்ச் பார்ட்னர்ஸ்? சிபாரிசுகளைத் தானாக ஏற்கும் `Auto-apply` திறந்திருக்கிறதா? இந்தக் கணக்கில் திறந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் பிராட் மேட்ச் கீவேர்டுகள் சேர்ந்திருந்ததற்குக் காரணம் அதுவே. மூடினேன்.

நின்று பார்க்க வேண்டியது இடம். டார்கெட்டாக மூன்று ஊர்களும் சரியாகவே கொடுக்கப்பட்டிருந்தன. அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் `Location options`-இல் கூகுள் தானாக வைக்கும் `Presence or interest` அப்படியே இருந்தது. அந்த ஊரில் இருப்பவர் மட்டுமல்ல, அந்த ஊரில் ஆர்வம் காட்டியவருக்கும் விளம்பரம் போகும் என்று அதற்கு அர்த்தம். வேறு பொருளாக இருந்தால் கசிவு சின்னதாக இருக்கலாம். இங்கே விற்பது கிரைண்டர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்பது புவிசார் குறியீடு வாங்கிய பெயர். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ கிரைண்டர் தேடுபவர் `coimbatore wet grinder` என்று தட்டினால், அவர் கோவையில் ஆர்வம் காட்டியவர் ஆகிவிடுகிறார். பொருளின் பெயரிலேயே ஊர் இருக்கிறதே! அந்த மாதம் ₹17,000 இந்த மூன்று ஊர்களுக்கு வெளியே போயிருந்தது. 41 விசாரணைகளில் 6 அங்கிருந்து வந்தவை. ஒன்றுக்கும் கடையால் சரக்கு அனுப்ப முடியவில்லை.

`Presence` என்று மாற்றினால் பெரும்பகுதி அடைபடும், முழுக்க அல்ல. அடிக்கடி வந்துபோகிறவர்களும் அதில் அடக்கம். மொபைல் டேட்டாவில் ஊர் சில சமயம் தப்பாகவும் காட்டும். அதனால் மாதம் ஒருமுறை ஊர்வாரி அறிக்கையைப் பார்த்தாக வேண்டும்.

*

அமைப்பு: 14 கேம்பெய்ன், அதில் 9 நிறுத்தி வைத்தவை. ஓடுகிற ஐந்தில் மூன்று ஒரே கீவேர்டை வைத்திருக்கின்றன. கலைத்துப் போட்டுப் புதிதாகக் கட்டக் கை பரபரக்கும். முதல் மாதம் செய்வதில்லை. பட்ஜெட்டோ ஊரோ டார்கெட்டோ வேறாக இருந்தால் மட்டுமே ஒரு கேம்பெய்ன் தனியாக இருக்க நியாயம் உண்டு. மாதம் 41 விசாரணை வரும் கணக்கை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டோ ஒன்பதோ. அதை வைத்துத் தானியங்கி பிட்டிங் அதிகம் கற்காது. பின்னால் இரண்டாகச் சுருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

*

இப்போது சர்ச் டேர்ம்ஸ். எதிர்பார்த்தவை வரிசையாக நின்றன: இரும்பு அறுக்கும் `angle grinder`, `coffee grinder`, வீட்டுக்கான 2 லிட்டர் டேபிள்டாப், பழைய கிரைண்டர், கிரைண்டர் கல். சுவாரசியம் `grinder service near me`. பழைய எண்ணிக்கையில் இந்தக் கணக்கின் நட்சத்திரமே அதுதான். வழி கேட்டவர்களும் போன் தொட்டவர்களும் அங்கேதான் குவிந்திருந்தார்கள். எண்ணிக்கையைத் திருத்திய பிறகு அதிலிருந்து வந்த படிவம் ஒன்றுகூட இல்லை. முதல் நாளே இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால், இதற்குத்தான் பட்ஜெட்டைக் கூட்டியிருக்க நேரும். வெட்டுமுன் கடைக்காரரிடம் கேட்டேன், சர்வீஸில் வருமானம் உண்டா என்று. "நம்ம வித்த மெஷினுக்கு மட்டும்தானுங்க" என்றார். வெட்டினேன்.

நெகட்டிவ் போடும்போது கவனிக்க வேண்டியது, அது சொன்ன சொல்லையும் அதன் எழுத்துப்பிழைகளையும் மட்டுமே தடுக்கும் என்பது. `stone` போட்டால் `stones` தடைபடாது. நம் ஊரில் ஒரே தேடல் மூன்று வேஷத்தில் வரும்: `grinder stone`, `grinder kal`, 'கிரைண்டர் கல்'. மூன்றையும் தனித்தனியே போட வேண்டும். குறைவாகத் தேடப்பட்ட சொற்களைக் கூகுள் காட்டுவதில்லை, `Other search terms` என்று ஒரே வரியில் கட்டிவிடும். அந்த வரி எவ்வளவு தின்கிறது என்று பார்த்து, அதிகமென்றால் பிராட் மேட்சைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை.

ஏற்கெனவே இருக்கும் நெகட்டிவ்களையும் வாசிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இது. இங்கே ஒரு பொதுப் பட்டியல் இருந்தது, எந்தக் கேம்பெய்னிலும் மாட்டப்படவில்லை, சும்மா கிடந்தது. அதைவிட மோசம், பிரதான கேம்பெய்னில் ஒட்டியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களுக்கு நடுவே `hotel` என்று ஒன்று. எங்கிருந்தோ எடுத்த ஆயத்தப் பட்டியலை யாரோ ஒரே நாளில் ஒட்டியிருக்கிறார்கள் என்று `Change history` காட்டியது. ஹோட்டலுக்கு கிரைண்டர் விற்கும் கடை, `hotel grinder price` என்று தேடுபவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் கண்ணிலேயே படவில்லை. இதற்குச் செலவு இல்லை என்பதால் எந்த விரய அறிக்கையிலும் இது வராது.

நீக்கியாயிற்று. அடுத்த மாத அறிக்கையில் பழைய 400-க்குப் பக்கத்தில் நாற்பது சொச்சம் என்று இருக்கும். அதைக் கடைக்காரர் பார்ப்பதற்கு முன் நேரில் போய், மெயிலில் எண்ணிய அந்த 41 படிவங்களையும் போன் நோட்டையும் மேஜையில் வைத்துப் பேச வேண்டும்.