இருபது வருசமும் ரெண்டு பக்கமும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்தான். ஆனா உண்மை என்னன்னா, புடுங்க ஆணியே இல்லாம இருந்தேன். 2024 செப்டம்பர்ல வேலை போச்சு. எட்டு வருசம் இருந்த இடம். ஆர்டர் இல்லைன்னாங்க, கணக்கை முடிச்சுக் கையில கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

சரி, வேற வேலைக்கு விண்ணப்பிக்கணும்னு உட்கார்ந்து ரெஸ்யூம் எழுதினேன். நாலரைப் பக்கம் வந்துச்சு. பெருமையா இருந்துச்சுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லுல எச்.ஆர்.ல இருக்கற தம்பிக்கு அனுப்பினேன். சாயங்காலமே போன்.

"அண்ணா, மொத வேலை கடைசிப் பக்கத்துல இருக்குதுங்ணா, சரி. ஆனா எட்டு வருசம் பார்த்த வேலைக்கும் பத்தே மாசம் பார்த்த வேலைக்கும் ஒரே அளவு இடம் கொடுத்திருக்கீங்க. படிக்கறவனுக்கு நீங்க மேனேஜரா, சைசிங் மில் கணக்குப்பிள்ளையான்னே தெரியாது. ரெண்டு பக்கமாக்கி அனுப்புங்க."

எப்படிக் குறைக்கறதுன்னு எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆச்சு. என்னை மாதிரி நாப்பதைத் தாண்டின மக்கள் இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அதனால அந்த ஒரு வாரத்தை அப்படியே எழுதி வைக்கறேன்.

முதல்ல ஒரு நோட்டுல எல்லா வேலையையும் வரிசையா எழுதினேன். இது யாருக்கும் அனுப்பறதுக்கு இல்லை, எனக்கு மட்டும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க:

1. குமாரபாளையம் சைசிங் மில், கணக்கு: 2003 ஜூன் – 2004 மார்ச் (10 மாசம்)
2. அதே ஊர், தறிப்பட்டறை மேற்பார்வை: 2004 ஏப்ரல் – 2006 டிசம்பர் (33 மாசம்)
3. இன்னொரு தறிப்பட்டறை: 2007 ஜனவரி – 2008 மார்ச் (15 மாசம்)
4. திருப்பூர் சாயப்பட்டறை, மேற்பார்வை: 2008 ஏப்ரல் – 2011 ஜனவரி (34 மாசம்)
5. கரூர் ஏற்றுமதி நிறுவனம், மெர்ச்சண்டைசர்: 2011 ஆகஸ்ட் – 2016 ஜூலை (60 மாசம்)
6. ஈரோடு, உற்பத்தி மேலாளர்: 2016 ஆகஸ்ட் – 2024 செப்டம்பர் (98 மாசம்)

கூட்டினா 250 மாசம். 20 வருசம் 10 மாசம். இதுல கடைசி ரெண்டு வேலை மட்டுமே 158 மாசம், அதாவது 13 வருசம் 2 மாசம்.

பொதுவா சொல்ற வழக்கம், கடைசிப் பத்துப் பதினஞ்சு வருசத்தை விரிவா எழுது, அதுக்கு முந்தினதை ஒரே தலைப்புல சுருக்கிப் போடுங்கறது. நானும் அதைத்தான் செஞ்சேன். 5, 6 ரெண்டையும் விரிவா எழுதி, முதல் நாலையும் சேர்த்து "முந்தைய அனுபவம்: ஜவுளித் துறையில் பல்வேறு பணிகள், 2003–2011"னு ஒரே வரி. ஒன்றரைப் பக்கத்துல முடிஞ்சுது. பிரமாதம்!

அதோட ஒரு ரகசிய சந்தோசம் வேற. மாசத்தை எடுத்துட்டு வருசம் மட்டும் போட்டதுல ஒண்ணு 2011ல முடியுது, அடுத்தது 2011ல ஆரம்பிக்குது. நடுவுல சும்மா இருந்த ஆறு மாசம் காணாமப் போச்சு.

வீட்டம்மாகிட்ட காமிச்சேன். வாசிச்சுட்டு, "ஏனுங்க, என் சங்கிலி அடகுக்குப் போன வருசம் 2011. அதை இதுல எங்க காணோம்?"னு கேட்டா.

சிரிச்சுட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. 2011 ஜனவரி கடைசியில சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் பகுதி சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாதுங்கற நிபந்தனையை நிறைவேத்தலைங்கறது காரணம். எங்க பட்டறையும் அதுல ஒண்ணு. ஒரே வாரத்துல நூத்துக்கணக்கான பட்டறை மூடினா, மேற்பார்வையாளனுக்கு அடுத்த பட்டறைன்னு போக எங்க இடம்? பொட்டியைத் தூக்கிட்டு குமாரபாளையம் வந்து சேர்ந்தேன்.

அந்த மூணு வருசத்துல நான் என்ன செஞ்சேன்? சாயம் பார்த்தது பாதி. மீதிப் பாதி சுத்திகரிப்பு நிலையம். எவ்வளவு தண்ணி உள்ளே வந்துச்சு, ஆர்.ஓ.வுல எவ்வளவு நல்ல தண்ணியாத் திரும்புச்சு, மிச்சம் உப்புத் தண்ணி எவ்வளவு எவாப்பரேட்டருக்குப் போச்சுன்னு ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதி, டி.டி.எஸ். பார்த்து, கணக்கு நேராகலைன்னா எங்க ஒழுகுதுன்னு தேடுறது. நான் விண்ணப்பிக்கப் போற இடமோ சொந்தமா சாயப்பிரிவும் சுத்திகரிப்பு நிலையமும் வெச்சிருக்கற கம்பெனி. விளம்பரத்துலயே அந்த அனுபவம் வேணும்னு போட்டிருந்தாங்க. என்கிட்ட அது இருக்குது. ஆனா "பல்வேறு பணிகள்"ங்கற ரெண்டு வார்த்தைக்குள்ள அதை நானே புதைச்சுட்டேன்.

அப்பத்தான் விளங்குச்சு. கத்திரி போட வேண்டிய இடத்தை காலண்டர் மட்டும் சொல்லாது. பழசா இருந்தாலும் இப்பத்திய வேலைக்கு ஒட்டறது தனியா நிக்கணும். ஒட்டாததைச் சேர்த்துக் கட்டணும். அப்படிக் கட்டும்போதும் கம்பெனி கம்பெனியா இல்லாம வேலையோட குணத்தை வெச்சுக் கட்டணும். திரும்ப எழுதினேன் (ஆங்கிலத்துலதான், இங்க தமிழ்ல):

முந்தைய அனுபவம்
சாயமிடல், கழிவுநீர் சுத்திகரிப்பு – மேற்பார்வையாளர், திருப்பூர், 2008 – ஜனவரி 2011 (நீதிமன்ற உத்தரவால் ஆலை மூடப்பட்டது). கூடவே செஞ்ச வேலை பத்தி ரெண்டு வரி.
சைசிங், நெசவு – குமாரபாளையத்தில் மூன்று நிறுவனங்கள், 2003 – 2008. பாவு, பீம் கணக்கு, தறி மேற்பார்வை. ஒரே வரி.

முதல் மூணு வேலைக்கும் மாசம் போடாததுல எனக்கு உறுத்தல் இல்லை. வேலை விட்டது மார்ச்சா ஏப்ரலான்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட காகிதமே கிடையாது. நோட்டுல எழுதினதே ஞாபகத்துல இருந்துதான். இருபது பேருக்குக் குறைஞ்ச பட்டறைகள், பி.எஃப். கட்டாயம் இல்லாத இடம். அங்கெல்லாம் வேலையை விட்டா "வர்றேனுங்க"தான், ரிலீவிங் லெட்டர்னு ஒண்ணைக் கேட்டா விநோதமாப் பார்ப்பாங்க. வருசம் மட்டும் போடறது அங்க மறைக்கறது ஆகாது, தெரிஞ்ச அளவுக்குச் சொல்றதுதான்.

ஆனா 2011 அப்படி இல்லை. அங்க மாசத்தை விட்டா அந்த ஆறு மாசத்தை மறைக்கறதுக்குன்னு எனக்கே தெரியும். அதனால அந்த இடத்துல மட்டும் மாசத்தைப் போட்டு, ஏன் மூடுச்சுன்னு அடைப்புக்குள்ள போட்டேன். அடுத்த வேலை ஆகஸ்ட் 2011னு ஆரம்பிக்குது. இடைவெளி தெரியுது, காரணமும் பக்கத்துலயே தெரியுது.

இன்னொரு கூத்து. வயசு தெரியக்கூடாதுன்னு சேலம் ஐ.ஐ.ஹெச்.டி.யில டிப்ளமோ முடிச்ச வருசத்தை எடுத்துட்டேன். எடுத்துட்டுப் பார்த்தா முதல் வேலை 2003னு கீழேயே நிக்குது. மேலே முதல் வரியில "20 வருட அனுபவம்"னு வேற முழங்கியிருக்கேன். பூனை கண்ணை மூடிக்கிட்ட கதை. ஒரு தேதியை எடுக்கறதுன்னா அதைக் காட்டிக்கொடுக்கற மத்த தேதியையும் எடுக்கணும், இல்லைன்னா விட்டுடணும். நான் டிப்ளமோ வருசத்தைத் திரும்பவும் போட்டுட்டேன். வேலைவாய்ப்புத் தளங்கள்ல படிப்பு முடிச்ச வருசத்தைத் தனிக் கட்டத்துல கேட்டுத்தான் வாங்குறான். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு இருக்கறதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

2025 பிப்ரவரியில கூப்பிட்டாங்க. முக்கால் மணி நேரப் பேச்சுல அரை மணி நேரம் சாயப்பட்டறைதான். "மூடினதுக்கு முந்தின நாள் டேங்குல இருந்த தண்ணியை என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டார் தொழிற்சாலைப் பெரியவர். பதிலுக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. எட்டு வருசம் மேலாளரா இருந்ததைப் பத்தி ரெண்டே கேள்விதான்!

வேலை கிடைச்சுது. சம்பளம் பழசை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா கதை அங்க முடியல. சேரும்போது ஒரு படிவம் கொடுத்தாங்க. அதுல "பார்த்த எல்லா வேலைகளும், சேர்ந்த தேதி, விலகிய தேதி". ரெஸ்யூம் ஒரு சுருக்கம். அதுல எதைக் காட்டறதுன்னு நாம முடிவு பண்ணலாம். படிவம் அப்படி இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறது, அங்க சுருக்க முடியாது. அந்த நோட்டு அப்பத்தான் கை கொடுத்துச்சு. ஞாபகத்துல எழுதின இடத்துல "சுமார்"னு சேர்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே எச்.ஆர். கூப்பிட்டார். கரூர் வேலைக்கு நான் ஆகஸ்ட் 2011னு எழுதியிருக்கேன், பி.எஃப். பதிவுல சேர்ந்த தேதி நவம்பர் 2011னு இருக்குது. திக்குன்னு இருந்துச்சு. விசயம் இதுதான்: அந்தக் கம்பெனி மூணு மாசம் கழிச்சுத்தான் என் பேரை பி.எஃப்.ல சேர்த்தாங்க. 2014ல யு.ஏ.என். வந்த பொறவு, அந்தக் கணக்கு அதே நவம்பர் தேதியோட இணைஞ்சிருச்சு. நல்லவேளையா நியமனக் கடிதம் பீரோவுல இருந்துச்சு, காட்டினேன், சரின்னுட்டார். இல்லைன்னா மூணு மாசம் கூட்டிச் சொன்னவன்னு ஆகியிருக்கும். ரெஸ்யூம் அனுப்பறதுக்கு முந்தியே பி.எஃப். தளத்துல `Service History` பக்கத்தைத் திறந்து நம்ம தேதியோட ஒத்துப் பார்த்திருக்கணும். நான் பார்க்கல.

இப்ப தினமும் காலையில பவானிப் பாலம் தாண்டி பஸ் பிடிக்கறேன். சங்கிலி 2012லயே திரும்பிருச்சு, கவலைப்படாதீங்க.

டிஸ்கி: அந்த நாலரைப் பக்கத்தை அழிக்கல. எச்.ஆர். தம்பி கேட்டா அழிச்சுட்டேன்னு சொல்லிக்கலாம்.