சிவப்புப் பாக்கெட்

தில்லி காரி பாவ்லியின் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே இரண்டு மாடி ஏறினால் அந்தத் தேயிலை வியாபாரியின் கிடங்கு வரும். பெயர் வேண்டாம், லாலாஜி என்றே வைத்துக்கொள்வோம். அஸ்ஸாம் சி.டி.சி. தேயிலையைக் கலந்து, கால் கிலோ பாக்கெட்டில் அடைத்து, யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மளிகைக் கடைகளுக்கு அனுப்புவார். பாக்கெட் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நடுவில் ஆவி பறக்கும் கண்ணாடி கிளாஸ் படம், அச்சில் கொஞ்சம் விலகியிருக்கும். கடையில் யாரும் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "அந்த லால் வாலி கொடு" என்பார்கள்.

மகன் எம்.பி.ஏ. முடித்து வந்ததும் அந்தச் சிவப்பு அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கள் சின்ன விளம்பரக் கம்பெனிக்கு வேலை வந்தது. நாங்களும் சந்தன நிறத் தாள், தங்க எழுத்து, ஓரத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அழகாகவே செய்து கொடுத்தோம். உள்ளே அதே தேயிலை, வெளியே அதே விலை. மூன்று மாதத்தில் சரக்கு தேங்கியது. காரணம் கேட்கக் கடை கடையாக ஏறினேன். திரிலோக்புரியில் ஒரு கடைக்காரர் அந்தப் பாக்கெட்டை மேல் தட்டில், கிரீன் டீக்கும் ஓட்ஸுக்கும் நடுவில் வைத்திருந்தார். "இது ஆபீஸர் டீ சாப், இங்கே யார் வாங்குவார்கள்?" என்றார். விலையைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஐடென்டிட்டி, பொசிஷனிங் என்ற இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவது வழக்கம். அவை இரண்டும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது அந்த மேல் தட்டைப் பார்த்தபோதுதான். பெயர், நிறம், எழுத்து, பேசும் தொனி எல்லாம் கல்யாணத்துக்கு நாம் உடுத்திக்கொண்டு போகும் வேட்டி சட்டை மாதிரி, முழுக்க நம் கையில் இருப்பவை. பொசிஷனிங் என்பது பந்தியில் நமக்குக் கிடைக்கும் இலை. யாருக்குப் பக்கத்தில், எந்த வரிசையில் என்பதை உட்காரவைப்பவர் தீர்மானிக்கிறார். நாம் அதற்கு முயற்சி செய்யலாம், அவ்வளவுதான். விளம்பரக்காரர்களான ஆல் ரைஸும் ஜாக் ட்ரௌட்டும் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில், பொசிஷனிங் நடக்கும் இடம் சரக்கு அல்ல, வாங்குகிறவரின் மனசு என்று வாதாடினார்கள்.

அதே 1981-இல் தில்லி தரியாகஞ்சில், நேதாஜி சுபாஷ் மார்கில், 'ஆப் கீ பசந்த்' என்ற தேயிலைக் கடை திறந்தது. தொடங்கியவர் சஞ்சய் கபூர், தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர். கடைப் பெயருக்கு 'உங்கள் விருப்பம்' என்று அர்த்தம். முப்பது வருஷம் கழித்து, 2012-இல், குர்கானில் 'சாயோஸ்' முளைத்தது. ஐ.ஐ.டி.யில் படித்த நிதின் சலூஜா, ராகவ் வர்மா இருவரும் நடத்திய இந்தக் கடையின் கோஷம் 'மேரி வாலி சாய்', அதாவது 'என்னோட டீ'. இரண்டும் தில்லி வட்டாரக் கடைகள், இரண்டுமே உன் விருப்பம் என்றுதான் சொல்கின்றன. வாக்குறுதியை மட்டும் எழுதிப் பார்த்தால் ஒன்றுக்கு இன்னொன்று போட்டி என்று தோன்றும்.

தோற்றத்திலும் தொனியிலும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தரியாகஞ்சில் 'ஆப்', மரியாதையான நீங்கள். டார்ஜிலிங், அஸ்ஸாம், நீலகிரி, காங்ரா என்று தோட்டத்து இலைகள். வாங்கும் முன் சுவைத்துப் பார்க்கலாம். நாடா இழுத்துக் கட்டும் துணிப்பையில் போட்டுத் தருவார்கள். விருப்பம் உங்களுடையதுதான், ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கிறார். டார்ஜிலிங்கைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் மணம் செத்துப்போகும் என்பதைக் கோபப்படாமல் சொல்லும் ஆள். சாயோஸில் பேசுவது வாடிக்கையாளர். நம்மூரில் "மாஸ்டர், நம்ம டீ ஒண்ணு" என்கிற அதே அதட்டல். பால் குறைச்சலா, தண்ணீர் குறைச்சலா, இஞ்சியா, துளசியா, சோம்பா, பச்சை மிளகாயா என்று கேட்டுப் போடுகிறார்கள். பன்னிரண்டாயிரம் விதம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். வெறும் பீற்றல் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு சேர்மானம், ஒவ்வொன்றும் வேண்டும் அல்லது வேண்டாம் என்றால் 4,096 சேர்க்கை. பால் அளவில் மூன்று வகை வைத்தால் 12,288. கணக்கு உதைக்கவில்லை.

ஒரு பிராண்டின் இலை எந்த வரிசையில் என்று கண்டுபிடிக்க நான் ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன்: இது கிடைக்காவிட்டால் எதை வாங்குவீர்கள்? தரியாகஞ்சுக்குப் போகிறவர் வேறொரு நல்ல இலைக் கடையைச் சொல்வார், அல்லது பரிசுதானே என்று ஒரு பெட்டி உலர்பழம் வாங்கிப் போவார். சாயோஸ்காரர் பக்கத்து காபிக் கடைக்குள் நுழைவார், அல்லது வெளியே மரத்தடி டீக்கு. 2000-இல் தில்லியில் பரிஸ்தா தொடங்கியதிலிருந்து ஏ.சி.யில் உட்கார்ந்து பேச ஆசைப்பட்டவர் காபிதான் குடிக்கவேண்டியிருந்தது. சாயோஸ் பிறந்த 2012-இல்தான் ஸ்டார்பக்ஸும் மும்பையில் கால் வைத்தது. காபிக் கடைக்கும் மரத்தடிக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இலையில் சாயோஸ் உட்கார்ந்துகொண்டது.

தொனி கொடுத்த வாக்கை நடத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாயோஸே உதாரணம். தெருமுனை டீக்காரர் நம் முகம் பார்த்ததும் சர்க்கரையைக் குறைப்பார். அந்த நெருக்கம்தான் இந்த பிராண்டின் பேச்சு. 2019 நவம்பரில் சில கிளைகளில் கேமரா வைத்து முகத்தை அடையாளம் காணும் முறை பெரிய சர்ச்சையானது. சம்மதம் கேட்டீர்களா என்றார்கள் வாடிக்கையாளர்கள். கட்டாயமில்லை என்றது நிறுவனம். முகம் தெரிந்த டீக்காரர் வேறு, முகத்தைப் பதிவு செய்யும் பெட்டி வேறு என்பது ஒரு கிளாஸ் டீ குடித்தவருக்கெல்லாம் தெரியும். தெரிந்தவரைப் போலப் பேசிய கடை என்பதால்தான் கோபமும் கூடுதலாக வந்தது என்பது என் எண்ணம்.

லாலாஜியின் வாடிக்கையாளர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "லால் வாலி இல்லையென்றால் குலி பத்தி" என்றார்கள், அதாவது எடை போட்டுத் தரும் உதிரித் தேயிலை. பெரிய கம்பெனி எதையும் ஒருவரும் சொல்லவில்லை. உதிரியில் தூசி, கலப்படம் என்று பயம். பெரிய பாக்கெட்டுக்குக் கையில் காசு போதாது. சிவப்பு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, உதிரியை விட ஒரு படி மேல், அவ்வளவுதான் என்று. நாங்கள் சந்தன நிறத்தில் ஐந்து படி ஏற்றி வைத்துவிட்டோம்.

சிவப்பையே திரும்பக் கொண்டுவந்தோம். கிளாஸ் படத்தை நேராக்கலாமா என்று மகன் கேட்டான், நான் வேண்டாம் என்றேன். படத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி சேர்த்தோம்: 'மூடி முத்திரையிட்டது'. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் கிடங்குக்குப் போனபோது, மிச்சமிருந்த சந்தனப் பாக்கெட்டுகளை லாலாஜி ஜரிகைத் தாளில் ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்றேன்.

"ஆடிட்டருக்கு, டாக்டருக்கு," என்றார். "உங்களுக்கும் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன்."