நைட்டியோடு நீச்சல் குளத்தில் இறங்க ஏன் விடுவதில்லை?

திருவண்ணாமலையை ஒட்டியிருக்கும் வேங்கிக்காலிலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளி விடுமுறை விட்டதும் பல குடும்பங்கள் அப்படித்தான் கிளம்புகின்றன. காலையில் கடற்கரை, மதியத்துக்கு மேல் நீச்சல் குளம் உள்ள ரிசார்ட். புளியோதரை, டவல், குழந்தைகளுக்கு மாற்றுத்துணி எல்லாம் பைக்குள் போய்விடும். வீட்டுப் பெண்கள் தண்ணீரில் எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

அப்படிக் கிளம்பிய ஒரு குடும்பம். கணவன், மனைவி, மாமியார், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன். மனைவி காட்டன் நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவுமாகக் குளத்தருகே வந்தார். அங்கிருந்த ஊழியர், "மேடம், ஸ்விம்மிங் டிரஸ் இல்லாம இறங்கக் கூடாது" என்றார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கை கால் தெரியற மாதிரி போட்டாத்தான் விடுவீங்களா? இவ இப்படியே இருக்கட்டும்" என்றார். "விடுங்க அத்தை" என்று மருமகள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த இரண்டு மணி நேரமும் டவலுக்கும் போனுக்கும் அவர்தான் காவல். "அம்மா வா, அம்மா வா" என்று பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள்.

மாமியார் நினைத்தது போல அந்த விதி உடம்பைக் காட்டச் சொல்லும் விதி அல்ல. எவ்வளவு மறைக்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை; எந்தத் துணி என்றுதான் கேட்கிறது.

பருத்தித் துணி தண்ணீரில் ஊறும்போது நூல் பிசிறு விடும். அந்தப் பிசிறு குளத்து நீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். துணியின் சாயமும், அதில் ஒட்டியிருக்கும் சோப்பும் வியர்வையும் தண்ணீரில் கலக்கும். குளத்து நீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறார்கள். வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு அந்தக் குளோரின் சேரும்போதுதான் கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் நெடியும் வருகின்றன. "குளோரின் அதிகமாகப் போட்டுவிட்டார்கள்" என்று நாம் சொல்லும் நெடி பெரும்பாலும் அழுக்கின் நெடிதான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், முதலில் ஷவரில் குளித்துவிட்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. நைட்டி, துப்பட்டா, புடவை எல்லாம் தண்ணீருக்குள் மிதந்து விரியும், காலைச் சுற்றும். குளத்தில் கால் வழுக்கினால் எழுந்து நிற்க முடியாமல் செய்வது அந்தச் சுற்றுதான். ஏறி வரும்போது ஊறிய துணியின் எடை முழுவதும் உடம்பில் இழுக்கும். மறைக்கத்தான் நைட்டி என்றாலும் அதுவும் நடப்பதில்லை. நனைந்த மெல்லிய பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு, உலர்ந்திருந்தபோது மறைத்ததையெல்லாம் காட்டிவிடும்.

அப்படியென்றால் என்ன போடுவது? கழுத்திலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது விளையாட்டுப் பொருள் கடைகளிலேயே கிடைக்கின்றன. முழுக்கை, கீழே லெக்கிங்ஸ், இடுப்பைச் சுற்றிச் சிறு பாவாடை போன்ற மடிப்பு வைத்தவையும் உண்டு. நைலான் அல்லது பாலியஸ்டர் துணியாக இருந்தால் குளத்து ஊழியர் மறுக்க வேண்டிய காரணமே இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அஹீதா சனெட்டி என்ற பெண் 2004-ல் வடிவமைத்த 'புர்கினி'யும் இதே எண்ணத்தில் வந்ததுதான். உடலை மறைத்துக்கொள்ள விரும்பும் பெண்களும் கரையில் உட்காராமல் தண்ணீருக்குள் வரட்டும் என்பதற்காகவே அவர் அதைத் தைத்தார்.

வாங்கியதும் வீட்டுக் குளியலறையில் ஒருமுறை நனைத்துப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வெள்ளையும் வெளிர் நிறங்களும் நனைந்தால் ஏமாற்றும். பெரியவர்களுக்கு அடர் நிறம் நல்லது. குழந்தைகளுக்கு மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு, பளீர் பச்சை எடுங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீரோடு கலந்துவிடும். பிள்ளை முங்கினால் கண்ணுக்குத் தெரியாது. தொளதொளவென்றும் வாங்கக் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்து பை போல உப்பிக்கொள்ளும்.

இந்த விதி ஆண்களுக்கும் உண்டு. பெண்களை உட்கார வைத்துவிட்டு உள்ளாடையோடு குதிக்கும் ஆண்கள் எல்லா ரிசார்ட்டிலும் இருக்கிறார்கள். அதுவும் பருத்திதான், நனைந்தால் அதுவும் காட்டும். பக்கத்தில் இருக்கும் குடும்பம் எழுந்து போவது பெரும்பாலும் அதனால்தான். முழங்கால் வரையிலான நைலான் நீச்சல் கால்சட்டை ஒன்று போதும்.

கடலில் தண்ணீரைவிட அலைதான் பிரச்னை. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். புடவை கட்டியவர் அந்த நொடியில் விழுந்தால், நனைந்த கொசுவம் இரண்டு காலையும் கட்டிப்போட்டுவிடும். கால் நனைக்க ஆசைப்படும் மாமியாருக்கு ஈர மணலில் கணுக்கால் ஆழம் போதும். அதுவும் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளோடு.

உடையில் நாம் கவனமாக இருந்தாலும், பக்கத்தில் வெளிநாட்டுப் பெண் பிகினியில் இருக்கலாம். அங்கே ஒழுங்கு பார்க்க வேண்டியது நம் கண்ணும் போனும். பிள்ளைகளை வீடியோ எடுக்கும்போது மற்றவர்கள் ஃப்ரேமுக்குள் வராதபடி திரும்பி நின்று எடுக்கலாம். "ஒரு செல்ஃபி ப்ளீஸ்" என்று ஈர உடையில் இருப்பவரிடம் போய் நிற்பதும் தொந்தரவுதான். உடை மாற்றும் அறைக்குள் படம் எடுப்பது தொந்தரவோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் அது குற்றம்.

தேனிலவுக்கு நம்மவர்கள் போகும் மாலத்தீவில் இதை இடம் பிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். ரிசார்ட்டுக்கென்றே இருக்கும் தீவுகளில் நீச்சல் உடைக்குத் தடையில்லை. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும் பிகினி அணியலாம். தெருவுக்கு வந்தால் மூடிக்கொள்ள வேண்டும். 2020 பிப்ரவரியில் மாஃபுஷி தீவின் தெருவில் பிகினியோடு நடந்த பிரிட்டிஷ் பெண்ணைப் போலீஸார் இழுத்துப் பிடித்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. நடந்துகொண்ட விதத்துக்காகப் போலீஸ் தலைமை வருத்தம் தெரிவித்தது. எந்த இடத்தில் கோடு என்பது தெரியாமல் போனதில் வந்த வினை அது.

திருவண்ணாமலைப் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கும் இது பொருந்தும். குளத்தில் நீச்சல் உடையில் இருக்கலாம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது மேலே ஓர் அங்கி வேண்டும். வாசலைத் தாண்டினால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வெறுங்காலோடு நடப்பவர்களின் இடம் அது. டீ குடிக்கப் போவதாக இருந்தாலும் உடை மாற்றிக்கொண்டு போவதே சரி.

அறை பதிவு செய்யும்போதே போனில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: முழுக்கை நீச்சல் உடைக்கு அனுமதி உண்டா? பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா? உடை மாற்ற, குளிக்கப் பெண்களுக்குத் தனி அறை உண்டா? பதில் சரியாக வந்தால் பணம் கட்டலாம். ஊர் திரும்பியதும் அந்த உடையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். குளோரினோடு விட்டால் அடுத்த விடுமுறைக்குள் அதன் இழுவை போய்த் தொங்கிவிடும்.