48 பாக்கெட்டும் ஒரு லெட்டரும்

உங்க அம்மா என்னைக்காவது உங்களை லெட்டர் எழுதச் சொல்லியிருக்காங்களா பாஸ்? எஸ்.எம்.எஸ். இல்லை, இ-மெயில் இல்லை. பேனா, பேப்பர், உறை, ‘மதிப்பிற்குரிய’ எல்லாம் போட்ட நிஜ லெட்டர். எனக்கு அந்த டூட்டி இந்தப் பொங்கல் லீவுல வந்துச்சு.

அம்மா இட்லி மாவு பிசினஸ் ஆரம்பிச்சு இந்தத் தையோட ஒரு வருஷம். அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடினதும், மகளிர் குழுவில் 50,000 ரூபாய் லோன் போட்டு ஒரு டில்டிங் கிரைண்டரும் செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜும் வாங்கி, உறையூர் வீட்டு முன்னறையிலேயே கடையைப் போட்டாங்க. இப்போ முதல் வருஷம் முடிஞ்சதுக்கு, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் சாருக்கு நன்றிக் கடிதம் எழுதணும்னாங்க. ‘‘நேர்ல போய்ச் சொல்லலாமேம்மா’’ன்னேன். ‘‘நேர்ல போனா அவர் காபி கொடுத்து அனுப்பிடுவாரு. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது’’ன்னாங்க.

நானும் காலேஜ் மேகஸின்ல கவிதையெல்லாம் எழுதின ஆளாச்சே! ‘இருளில் தவித்த எங்களுக்கு ஏணியாக வந்த...’ன்னு ஆரம்பிச்சேன். அம்மா ரெண்டு வரி படிச்சிட்டு, ‘‘இருட்டுல ஏணியை வெச்சு என்னடா பண்றது? கணக்கை எழுது’’ன்னுட்டாங்க.

என்ன கணக்குன்னு உங்களுக்குச் சொல்லணும்னா போன ஏப்ரலுக்குப் போகணும்.

8 கிலோ இட்லி அரிசி, 2 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு... இது ஒரு ஈடு. அரைச்சா ஏறக்குறைய 24 கிலோ மாவு வரும். அரிசி கிலோ 45, உளுந்து 140-ன்னு போட்டா ஈட்டுக்கு 655 ரூபாய். கவரையும் சேர்த்து ஒரு கிலோ பாக்கெட்டோட அடக்கம் 29 ரூபாய். கடைக்காரங்க எங்களுக்குத் தர்றது 42. அப்போ பாக்கெட்டுக்கு 13 ரூபாய் லாபம். தினம் ரெண்டு ஈடு, 48 பாக்கெட். ‘13 இன்ட்டு 48, 624. மாசம் 18,720’ன்னு பெரிசா எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினதே நான்தான். இன்ஜினீயரிங் மூளை!

ஆனா, ஏப்ரல் கடைசியில எனக்கு எக்ஸாம் ஃபீஸ் கட்ட அம்மா தோட்டை அடகு வெச்சாங்க. காலையில 4 மணிக்கு எழுந்து ராத்திரி வரைக்கும் உழைக்கிறாங்க. 18,000 எங்கே போச்சு? அம்மா கண்டுபிடிச்ச பதில், ‘உற்பத்தி பத்தலை’. இன்னொரு கிரைண்டர் வாங்கணும், அதுக்கு லோன் எப்படிக் கேட்கறதுன்னு விசாரிக்கத்தான் சார் வீட்டுக்கே போனோம்.

சார் லோனைப் பத்திப் பேசவே இல்லை. என் கணக்குப் பேப்பரைப் பார்த்தாரு. பென்சில் எடுத்து 48-ஐ வட்டம் போட்டாரு.

‘‘இது நீங்க கடைக்குக் கொடுத்தது. வித்தது எத்தனைம்மா?’’

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன். திரும்பி வர்ற பாக்கெட்டை யாருமே எழுதி வெக்கலை. புளிச்சு உப்பின மாவை எடுத்துட்டு வருவாங்க, எங்க வீட்டுல மூணு வேளையும் ஊத்தப்பம் நடக்கும், அவ்வளவுதான். (அந்த மாசம் என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் வீட்டுப் பக்கமே வரலை.)

‘‘ஒரு வாரம் நோட்டுல நாலு காலம் போடுங்க. கொடுத்தது, திரும்பினது, வித்தது, கைக்கு வந்த பணம். அப்புறம் வாங்க, பேசலாம்’’னு அனுப்பிட்டாரு.

ஒரு வாரத்துல குட்டு உடைஞ்சுது. 48 கொடுத்தா சராசரியா 8 திரும்புது. வித்தது 40. வரவு 1,680. ஆனா அரைச்ச செலவு 48-க்கும்தானே? 1,392. மிச்சம் 288. கரன்ட், பெட்ரோல் 100 போனா 188. குழுத் தவணைக்குத் தினம் 80 எடுத்து வெச்சா, மீதி 108 ரூபாய். அதுலயும் பாதி கடைக்காரங்ககிட்ட பாக்கி. நான் 624-ன்னு ஒட்டின இடத்துல நிஜமா இருந்தது 108!

இங்கதான் விஷயம். ஒரு பாக்கெட் வித்தா வர்றது 13. திரும்பினா போறது 13 இல்லை, முழு 29. ஒரு புளிச்ச பாக்கெட் ரெண்டு நல்ல பாக்கெட்டோட லாபத்தை முழுங்கிட்டு மூணாவதையும் கடிச்சு வெக்குது. ‘‘ரெண்டாவது கிரைண்டர் வாங்கினா புளிக்கிறதும் ரெண்டு மடங்கு ஆகும்மா. இப்போதைக்குக் குறைச்சு அரைங்க’’ன்னாரு சார்.

குறைச்சு அரைச்சா லாபம் கூடுமா? அம்மா நம்பலை. நானே வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 40 கொடுத்து 38 வித்தா வரவு 1,596, அடக்கம் 1,160. மிச்சம் 436. முன்னாடி 288-தானே! ரெண்டு பாக்கெட் கம்மியா வித்து, 148 ரூபாய் கூடுதலா நிக்குது.

இந்தக் கதையோட காமெடி என்னன்னா, அடுத்த செமஸ்டர்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் க்ளாஸ்ல ‘நியூஸ்பேப்பர் பாய் ப்ராப்ளம்’னு ஒண்ணு நடத்தினாங்க. பேப்பர் போடற பையன் எத்தனை பேப்பர் வாங்கணும், மிஞ்சினா எவ்வளவு நஷ்டம்னு கணக்கு. பசங்க தூங்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் நோட்டுல பேப்பரை அடிச்சிட்டு மாவுன்னு எழுதிப் போட்டேன். 29-ஐ 42-ஆல வகுத்தா 0.69. அதாவது, ஒரு கடையில கடைசி பாக்கெட் 10 நாள்ல 7 நாளாவது வித்தாத்தான் அதைக் கொடுக்கலாம். 6 நாள்னா வெக்கவே கூடாது. சார் இந்த ஃபார்முலாவெல்லாம் சொல்லலை. ‘‘ஒரு கடையில வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல மிஞ்சினா ஒண்ணு குறைங்க’’ன்னு மட்டும்தான் சொன்னாரு. போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணுதான்.

ஏன் புளிக்குதுங்கிறதை அம்மாவே பிடிச்சாங்க. ஒவ்வொரு ஈட்டுலயும் ஒரு பாக்கெட்டை வீட்டு ஃப்ரிட்ஜ்லயே வெச்சுப் பார்த்தாங்க. மறுநாளும் அது தட்டையா இருந்துச்சு. அதே ஈட்டுல ஒரு கடைக்குப் போனது மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்துச்சு. அப்போ தப்பு மாவுல இல்லை. அந்தக் கடையில ராத்திரி ஃப்ரிட்ஜ் ஸ்விட்சை அணைச்சிட்டுப் போறாங்க! எல்லாக் கடை பாக்கெட்டும், வீட்டுல இருக்கிறதும் சேர்ந்து உப்பினா அது எங்க தப்பு. வெயில் நாள்ல கிரைண்டர் கல்லு சூடேறி அரைக்கும்போதே மாவு வெதுவெதுப்பாயிடும். அதுக்கு ஐஸ் தண்ணி ஊத்தி அரைச்சு, பொங்க விடாம உடனே கவர்ல போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளினாங்க. வாங்கறவங்கதான் வெளியில எடுத்து வெச்சுப் புளிக்க விடணும்.

சார் இன்னும் ரெண்டு விஷயம் சொல்லியிருந்தாரு. ஒண்ணு, அம்மாவோட கூலியைச் செலவுக் காலத்துல எழுதணும். (‘‘என் வீட்டு வேலைக்கு எனக்கே கூலியா?’’ன்னு அம்மா சிரிச்சாங்க.) இன்னொண்ணு, எந்தக் கடையா இருந்தாலும் ரெண்டு நாள் பாக்கி நின்னா மூணாவது நாள் மாவு கொடுக்கக் கூடாது.

ரெண்டாவதை அம்மா மீறிட்டாங்க. அது எனக்கே லெட்டர் எழுதும்போதுதான் தெரியும்.

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினது இது. ஒரு வார்த்தையும் மாத்தலை.

‘மதிப்பிற்குரிய சாருக்கு, வணக்கம். மாவு ஆரம்பித்து இந்தத் தையோடு ஒரு வருஷம் ஆகிறது. இப்போ ஆறு கடைக்கு 46 பாக்கெட் கொடுக்கிறேன். ரெண்டு திரும்புகிறது. எல்லாச் செலவும் போக ஒரு நாளைக்கு 414 நிற்கிறது. அதில் என் கூலி 250, குழுத் தவணை 80. மிச்சம் 84 ரூபாயைத் தனி அக்கவுன்ட்டில் போடுகிறேன். தோட்டை ஐப்பசியில் மீட்டுவிட்டேன்.

நீங்கள் கிரைண்டர் வாங்க வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பொம்பளைக்கு எதுக்கு என்று நினைக்கிறீர்கள் என்று வீட்டில் சொன்னேன். அதற்கு மன்னிக்கணும். இன்னொன்றும் சொல்லணும். ஒரு கடைக்காரர் தெரிந்தவர் என்று பாக்கி விட்டேன். 80 பாக்கெட் சேர்ந்தது. கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். 3,360 ரூபாய். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் புரட்டாசியில் இருந்து உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் கேட்காதது என் தப்பு. நன்றி சார். சனிக்கிழமை மாவு கொடுத்து அனுப்புகிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளவும்.’

எழுதி முடிச்சதும், ‘‘அந்த 3,360 மேட்டரை வெட்டிடலாமாம்மா? நன்றி லெட்டர்ல எதுக்கு?’’ன்னு கேட்டேன். அம்மா ஒரு முறை முறைச்சாங்க பாருங்க! ‘‘அதைச் சொல்லாம வெறும் நன்றி எழுதினா, வித்ததை மட்டும் எழுதிட்டுத் திரும்பினதை எழுதாத மாதிரிடா.’’

சனிக்கிழமை லெட்டரையும் ஒரு கிலோ மாவையும் நான்தான் கொண்டுபோனேன். சார் கண்ணாடியை மாட்டி ரெண்டு தடவை படிச்சாரு. முகத்துல ஒண்ணும் தெரியலை. சட்டைப் பையில இருந்து அதே மாதிரி ஒரு பென்சில் வந்துச்சு. உறையோட பின்பக்கத்துல 3,360-ஐ 13-ஆல வகுத்தாரு. 258-க்குக் கொஞ்சம் மேல வந்துச்சு.

‘‘இதைச் சரிக்கட்ட அம்மா 259 பாக்கெட் வித்திருக்கணும். வித்துட்டாங்க போலிருக்கே’’ன்னு லெட்டரை மடிச்சாரு. அப்புறம் உள்ளே பார்த்து, ‘‘ஏங்க, நாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டாம்’’னு குரல் கொடுத்துட்டு என் பக்கம் திரும்பினாரு.

‘‘தம்பி, அந்த ராத்திரி ஸ்விட்சை அணைக்கிற கடைக்கு இப்பவும் மாவு போகுதா?’’

போகுது. ரெண்டு பாக்கெட். இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவே நோட்டோட நேர்ல வர்றதா சொல்லியிருக்காங்க.