பெட்டியைப் பூட்டும் முன் ஒரு பட்டியல்



சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்துடன் முதல் உம்ராவை முடித்துத் திருச்சி வந்து இறங்கியபோது, எங்கள் பெட்டிகளுள் ஒன்று வரவில்லை. விமான நிறுவனத்தின் முகப்பில் புகார் பதிந்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொண்டு கொல்லிமலைக்குத் திரும்பினோம். இருபத்தொரு நாட்கள் கடந்தும் பெட்டி வராவிட்டால், அது தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம் என்பது சர்வதேசப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விதி. அந்த நாளும் கடந்தது. உள்ளே இருந்தவற்றை விலையுடன் எழுதி அனுப்புமாறு நிறுவனம் கேட்டது.

நாங்கள் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினோம். கம்பளிச் சால்வை ஒன்று என்று எழுதியதும் துணைவியார் குறுக்கிட்டார்: "என்னங்க, அந்தச் சால்வையை மதீனாவிலேயே ஒரு பாட்டிக்குக் கொடுத்துட்டோமே!" எங்களுக்கு உடல் சிலிர்த்தது. பொய் சொல்லும் எண்ணம் இல்லாமலேயே, வராத பொருளுக்கு விலை கேட்க இருந்தோம். எழுதியதை அடித்துவிட்டு, உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதினோம். ரசீதோ படமோ இல்லாததால் கிடைத்தது சொற்பத் தொகையே.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்பகராவின் 282-ஆம் வசனம் பணிப்பதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். எழுத்து பிறர் நமக்கு அநீதி செய்வதைத் தடுப்பதுடன், நாம் பிறருக்கு அநீதி செய்வதையும் தடுக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இரண்டாம் பயணத்தில் முறையை மாற்றினோம். புறப்படும்போது ஒரு பட்டியல், திரும்பும்போது மதீனா விடுதியில் மற்றொன்று. போகும்போது கொண்டுசென்ற மிளகும் காப்பித்தூளும் திரும்புகையில் இருப்பதில்லை; பேரீச்சம்பழமும் தொழுகை விரிப்பும் அவற்றின் இடத்தில் இருக்கும். ஆகவே பழைய பட்டியல் உதவாது.

கட்டில் விரிப்பின் மீது எல்லாவற்றையும் பரப்பி ஒரு படம் எடுத்தோம். புதிதாக வாங்கியவற்றைத் தயாரிப்பாளர் சீட்டு தெரியுமாறும் ரசீதுடனும் தனித்தனியே எடுத்தோம். பரப்பி வைத்த படம் மட்டும் போதாது. அந்தப் பொருள் பெட்டிக்குள் சென்றது என்பதை அது காட்டாது. எனவே திறந்த பெட்டியில் அடுக்கியபின் ஒரு படமும், மூடிய பெட்டியின் நாற்புறம், சக்கரம், கைப்பிடி ஆகியவற்றுக்குத் தனிப் படங்களும் எடுத்தோம். விமான நிலையத் தராசு காட்டிய 21.3 கிலோவையும், பெட்டியில் ஒட்டிய சீட்டின் எண்ணையும் படம் பிடித்தோம். இவற்றை மகனுக்கு வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அன்றி ஆவணமாக அனுப்பினோம். புகைப்படமாக அனுப்பினால் அதனுள் பதிந்த நாளும் நேரமும் நீங்கிவிடும்.

திருச்சியில் பெட்டி வந்தது. ஆனால் ஜிப் கிழிந்திருந்தது. கூடத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே திறந்து பட்டியலுடன் ஒப்பிட்டோம். ஒரு கிலோ பேரீச்சம்பழம், இரண்டு விரிப்புகள், இரண்டு அபாயாக்கள் இல்லை. பெட்டியை மீண்டும் எடை போட்டுப் புகாரில் குறிக்குமாறு ஊழியரிடம் வேண்டினோம். தராசு 18.6 கிலோ காட்டியது. குறைந்தது 2.7 கிலோ. விரிப்புகள் இரண்டும் சேர்ந்து 1.2 கிலோ, அபாயாக்கள் அரை கிலோ, பழம் ஒரு கிலோ. கணக்கு சரியாக இருந்தது. அந்த எடைதான் எங்களுக்கு வலுவான சாட்சியாயிற்று.

முகப்பில் கொடுத்த புகாருடன் நில்லாமல், எழுத்து மூலமான கோரிக்கையையும் மூன்றாம் நாளே அனுப்பினோம். சேதத்திற்கும் உள்ளிருந்த பொருள் குறைந்ததற்கும் பெட்டியைப் பெற்ற ஏழு நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்கள் அவகாசம் உண்டு.

ரசீதுள்ள விரிப்புகளுக்கும் அபாயாக்களுக்கும் தொகை கிடைத்தது. ரசீதில்லாத பேரீச்சம்பழத்திற்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி வருந்தவும் இல்லை.

ஒன்றை மறவாதீர்கள். உடன்படிக்கையின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது உச்ச அளவே. நிரூபித்த இழப்புக்கு மேல் எதுவும் கிடைக்காது. நகை, ரொக்கம், கடவுச்சீட்டு, மருந்து ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பெட்டியில் வைப்பதைவிடக் கைப்பையில் வைத்துக்கொள்வதே நலம். நகைக்கும் ரொக்கத்திற்கும் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இம்முறை நாங்கள் எழுதிய கோரிக்கையில் அடித்துத் திருத்த ஒரு வரியும் இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.