எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு?

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து எமது மருமகன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். கொழும்பிலுள்ள கம்பனியொன்றுக்குக் கணக்கு இலிகிதர் தேவை. முதல் மின்னஞ்சலிலேயே எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடல் வேண்டும். குறிப்பிடாத விண்ணப்பங்கள் கவனிக்கப்படமாட்டா என்றிருந்தது. “மாமா, இப்போது எழுபதாயிரம் எடுக்கிறேன். எழுபத்தையாயிரம் என்று எழுதட்டா?” என்று கேட்டான்.

எமக்குப் பழைய நினைவு வந்தது. வேலை கைதப்பிவிடுமோ என்ற அச்சத்தினால் நாமும் ஒருமுறை குறைத்தே எழுதினோம். எழுதியதையே தந்தார்கள். ஆண்டுதோறும் கிடைத்த சம்பள உயர்வும் அச்சிறு தொகையின் மீதே கணக்கிடப்பட்டது.

ஆகவே, மருமகனைக் கடதாசியும் பேனையும் எடுக்கச் சொன்னோம். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிந்தபின், 70,000 ரூபாவில் அவன் கைக்கு வருவது 64,400 ரூபா. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவனுக்கு வாடகையில்லை. கொழும்பிலோ அறைக்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்குமாக மேலதிகமாக 35,000 ரூபா வேண்டுமென்று கணக்கிட்டான். இன்றைய நிலையிலேயே இருப்பதற்குக் கையில் 99,400 ரூபா வரவேண்டும். அதற்கு மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 108,000 ரூபா ஆகவேண்டும். இதுவே அவனுடைய அடிமட்டம். இதனை வெளியே சொல்லத் தேவையில்லை.

மேல்மட்டத்தை விளம்பரத்தில் காணமுடியாது. கொழும்பில் அதே வேலை பார்க்கும் இருவரிடம் விசாரித்தான். 100,000 முதல் 125,000 வரை கொடுக்கிறார்களென்று தெரிந்தது. இரண்டு தொகைகளை எழுதினால் வேலை கொடுப்போரின் கண் சிறிய தொகையிலேயே நிற்கும். எனவே அச்சிறிய தொகையும் நாம் மனமொத்து ஏற்கக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

ஈற்றில் அவன் எழுதியது இது: “கொழும்பில் தங்கிப் பணியாற்றுவதற்கு, சேமலாப நிதிக் கழிவுக்கு முன், படிகள் உட்பட மாதம் 115,000 முதல் 125,000 ரூபா வரை எதிர்பார்க்கிறேன். கடமைகளையும் வேலை நேரத்தையும் அறிந்தபின் இதுபற்றிப் பேச ஆயத்தமாயிருக்கிறேன்.”

கழிவுக்கு முன் என்பதையும், படிகள் உட்பட என்பதையும் எழுதாவிட்டால், நாம் ஒன்றை நினைக்க அவர்கள் வேறொன்றை விளங்கிக்கொள்வர். தொகையே எழுதாமல் “பேசித் தீர்க்கலாம்” என்று மட்டும் விடுத்தாலோ, விளம்பரத்தை வாசியாதவனென்று ஒதுக்கிவிடுவர்.

“அவர்கள் தொண்ணூறாயிரம்தான் கொடுப்பார்களென்றால், கூப்பிடவே மாட்டார்களே, மாமா?” என்றான். உண்மைதான். ஆனால் 90,000 ரூபாவில் கைக்கு வருவது 82,800. கொழும்புச் செலவு போக மிஞ்சுவது 47,800. வீட்டிலிருந்தபடி பெறுவதிலும் 16,600 ரூபா குறைவு. அந்த அழைப்பு வராததில் அவனுக்கு நட்டமொன்றுமில்லை.

மூன்றாம் வாரம் அழைப்பு வந்தது. இப்போது அவன் கொழும்பில் 116,000 ரூபாவுக்கு வேலை பார்க்கிறான்.